தடுப்பூசி போட்டாயிற்று, சீரம் போடவில்லை

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, நாங்கள் பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை தெருநாய் ஒன்று என் எட்டு வயது மகளின் இடது கன்னத்திலும் வலது கை ஆள்காட்டி விரலிலும் கடித்துவிட்டது. ரத்தம் நிறைய வந்தது. மாமியார் குழாயில் கழுவி மஞ்சள் வைத்தார். திங்கள் காலை பக்கத்து கிளினிக்கில் டி.டி. ஊசியும் தோளில் ஒரு நாய்க்கடி ஊசியும் போட்டு, வியாழனன்று மறுபடி வரச் சொன்னார்கள். சீரமும் போட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா. கிளினிக்கில் கேட்டால், எங்களிடம் இல்லை, ஊசியே போதும் என்கிறார்கள். இன்று புதன்கிழமை. இனி போட்டால் பயன் உண்டா? அரசு மருத்துவமனைக்கு மாறினால் போட்ட ஊசி வீணாகுமா? நாலு வயது மகனின் காலிலும் அந்த நாயின் நகம் கீறியிருக்கிறது, ரத்தம் வரவில்லை. நாயை அன்றிலிருந்து காணவில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்று மாமியார் பயப்படுகிறார்.

அன்புள்ள அம்மையீர்,

உங்கள் கடிதம் புதன் இரவு கைக்கு வந்ததும், இது பத்திரிகையில் பதில் எழுதிவிட்டுக் காத்திருக்கும் விஷயம் அல்ல என்பதால், அப்போதே தொலைபேசியில் அழைத்து மறுநாள் காலை இரு குழந்தைகளையும் அழைத்து வரச் சொன்னேன். நீங்களும் வந்தீர்கள். உங்கள் வீட்டில் எழுந்த அதே சந்தேகம் வேறு பல வீடுகளிலும் எழுவதால், உங்கள் அனுமதியுடன், வியாழக்கிழமை செய்தவற்றையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நர்ஸ் அக்கா சொன்னது சரி. உங்கள் மகளுக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, சீரமும் கட்டாயம் வேண்டும். தடுப்பூசி என்பது செயலிழக்கச் செய்யப்பட்ட ரேபிஸ் கிருமி. அதைப் பார்த்து நம் உடல் தானாகவே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஏறத்தாழ 7 முதல் 14 நாட்கள் பிடிக்கும். அதுவரை காயத்துக்குள் இருக்கும் கிருமியைத் தடுக்க உடலில் எதுவும் இருக்காது. சீரம் என்று நாம் வழக்கில் சொல்லும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் அந்த இடைவெளிக்கானது. குதிரையின் உடலிலோ, தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் உடலிலோ ஏற்கெனவே உருவான எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்தி, அதை நேராகக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறோம். கிருமி நரம்புக்குள் நுழைவதற்கு முன்பு, அது இருக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதுதான் சீரத்தின் வேலை. நரம்புக்குள் போய்விட்ட கிருமியைச் சீரம் எட்டாது. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றும் மருந்து எதுவும் இன்றில்லை.

ரேபிஸ் பொதுவாகக் கடிபட்டு 2, 3 மாதங்கள் கழித்தே வெளிப்படும். ஒரு வாரத்திலேயே வந்ததும் உண்டு, ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. முகம், தலை, கழுத்து, கை விரல்கள் ஆகியவற்றில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதாலும், முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் குறைவு என்பதாலும், அங்கே கடிபட்டவர்களுக்கு அந்தக் கால அவகாசம் சுருங்கிவிடக்கூடும். உங்கள் மகளுக்குக் கடி விழுந்த இரண்டு இடங்களும் இந்தப் பட்டியலில் உள்ளவை. அதனால்தான் வெள்ளிக்கிழமை வரட்டும் என்றுகூட நான் சொல்லவில்லை.

இனிப் போட்டால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. இங்கே பலரும், சில மருத்துவமனை ஊழியர்களும்கூட, கணக்கைத் தவறான நாளிலிருந்து தொடங்குகிறார்கள். சீரத்துக்கான 7 நாள் வரம்பு நாய் கடித்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. முதல் ஊசி போட்ட நாளுக்கு 0 என்று பெயர். உங்கள் மகளுக்குத் திங்கட்கிழமை 0 ஆனால், வியாழன் 3, அடுத்த திங்கள் 7. அந்த ஏழாம் நாள் வரை சீரம் போடலாம். அதன் பிறகு உடலே எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கத் தொடங்கியிருக்கும் என்பதால் சீரத்தால் பயனில்லை, தடுப்பூசியின் வேலைக்கு அது இடையூறாகவும் அமையலாம். போடலாம் என்பதால் ஏழாம் நாள் வரை தள்ளிப்போடலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, முதல் ஊசியோடு சேர்த்து அன்றே போடுவதுதான் முறை. இதே கணக்கின் மறுபக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடிபட்டு இரண்டு மாதம் எதுவும் போடாமல் இருந்துவிட்டு ஒருவர் வந்தால், அவருக்கு இன்னும் 0 நாளே தொடங்கவில்லை. நேற்றுக் கடிபட்டவரைப் போலவே அவருக்கும் தடுப்பூசியும் சீரமும் தொடங்கப்படும்.

அடுத்தது, யாருக்குச் சீரம் வேண்டும் என்பது. இதில் உங்கள் இரு குழந்தைகளும் கோட்டின் இரு பக்கங்களில் நிற்கிறார்கள். நாய் தொட்டது, நக்கியது, ஆனால் தோலில் கீறலே இல்லை என்றால் அது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் கசியாத சிறு கீறல், சிராய்ப்பு, மூடாத தோலில் மெல்லக் கவ்வியது ஆகியவை இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி உண்டு, சீரம் இல்லை. தோலைத் துளைத்து ரத்தம் வரவழைத்த கடியோ கீறலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கியதோ, கண், வாய் போன்ற ஈரமான சவ்வில் அதன் எச்சில் பட்டதோ மூன்றாம் வகை. இதற்கு இரண்டும் வேண்டும். வகையைத் தீர்மானிப்பது தோல் துளைபட்டதா என்பதே. காயம் எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கில் வராது. குண்டூசி முனையளவு பல் பதிந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அது மூன்றாம் வகைதான். உங்கள் மகனின் காலை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்த்தேன். வெண்கோடாக ஒரு சிராய்ப்பு மட்டுமே இருந்தது, ரத்தம் உறைந்த தடம் எங்கும் இல்லை. அவன் இரண்டாம் வகை. உடலின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ உள்ளவர்களுக்கு இரண்டாம் வகையிலும் சீரம் போடுகிறோம். அவனுக்கு அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே சீரம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

இனிக் கழுவுவதைப் பற்றி. உங்கள் மாமியார் உடனே குழாயடிக்கு அழைத்துச் சென்றது நல்ல காரியம். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேட்டபோது, ரத்தம் நிற்கும் வரை என்றார், சோப்பு போடவில்லை என்றார். இரண்டிலும் திருத்தம் வேண்டும். ரேபிஸ் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு எப்படிச் சுத்தமாக்குகிறதோ அப்படியே அந்த உறையையும் சோப்பு கரைத்துவிடும், உறை போனால் கிருமி செயலற்றுப் போகும். வெறும் தண்ணீர் எச்சிலை அடித்துச் செல்லுமே தவிர, இந்த வேலையைச் செய்யாது. குளிக்கும் சோப்போ துணி சோப்போ எது கையில் கிடைத்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் காயத்தின் ஆழம் வரை நுரை போகும்படி, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது சொல்லும்போது சிறிதாகத் தோன்றும், அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நிற்கும்போது மிக நீளமாக இருக்கும், பெரும்பாலோர் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவதற்கு அதுவே காரணம். கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியைத் தடவலாம்.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அவை காயத்தை உறுத்திக் கிருமியை உள்ளே தள்ளுவதோடு, காயத்தின் வாயை அடைத்துவிடுவதால் பிறகு கழுவும் நீரும் சீரமும் உள்ளே போகத் தடையாகின்றன. வியாழக்கிழமை உங்கள் மகளின் கன்னத்தில் மஞ்சள் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. நாலு நாள் ஆயிற்றே, இனி எதற்கு என்று விடவில்லை. தாமதமாக வந்தாலும், காயம் ஆறியிராத வரை கழுவுவதில் பயன் உண்டு என்பதால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாகப் பொருக்கை எடுத்து, முழுவதும் கழுவினோம்.

அப்போதுதான், கடிதத்தில் இல்லாத மூன்றாவது காயம் ஒன்று கிடைத்தது. கன்னத்தைக் கழுவும்போது முடியை ஒதுக்கிய செவிலியர், காதுக்குப் பின்னால் முடிக்குள் ரத்தம் உலர்ந்த சிறு புள்ளி ஒன்றைப் பார்த்தார். கன்னத்தைக் கவ்வியபோது நாயின் மேல் தாடைப் பல் ஒன்று அங்கே பதிந்திருக்கிறது. குழந்தை கன்னத்தையும் விரலையுமே காட்டிக்கொண்டிருந்ததால் வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தடுப்பூசி ஒழுங்காகப் போட்டும் நோய் வந்த அரிய நிகழ்வுகளை மருத்துவ உலகம் ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பத் தெரிந்த குறைகளில், சீரமே போடாததும், எல்லாக் காயங்களுக்கும் போடாமல் ஒன்றிரண்டை விட்டுவிட்டதும் முக்கியமானவை. ஆகவே கடிபட்ட குழந்தையை வீட்டிலேயே ஒருமுறை தலையிலிருந்து கால்வரை, முடியை வகிர்ந்து, விரல் இடுக்குகளையும் விரித்துப் பாருங்கள். எத்தனை காயம், எங்கே என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சீரத்தின் அளவைப் பார்ப்போம். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு இல்லை, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். சீரம் மட்டும் எடையைப் பொறுத்தது. குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 யூனிட். உங்கள் மகளின் எடை 22 கிலோ. குதிரைச் சீரத்தில் 880 யூனிட் வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் 5 மில்லி குப்பியில் மில்லிக்கு 300 யூனிட் இருப்பதால், சுமார் 2.9 மில்லி. மனிதச் சீரத்தில் 440 யூனிட், அது மில்லிக்கு 150 யூனிட் வீதம் வருவதால் அங்கும் சுமார் 2.9 மில்லிதான். ஆக, குழந்தையின் காயத்துக்குள் போகும் நீரின் அளவு இரண்டிலும் ஒன்றே, காப்பும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு விலையிலும் ஒவ்வாமை வாய்ப்பிலும் இருக்கிறது. மனிதச் சீரம் பல ஆயிரம் ரூபாய், குதிரைச் சீரம் அதில் சிறு பங்கு. இன்றைய குதிரைச் சீரம் நன்கு சுத்திகரிக்கப்பட்டது, அதனால் பணம் இல்லையே என்று சீரத்தையே கைவிடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. இவை தவிர, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் மோனோகுளோனல் எதிர்ப்புப் புரதங்களும் இப்போது நம் நாட்டில் கிடைக்கின்றன. அவற்றின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் குப்பியோடு வரும் தாளின்படியே போட வேண்டும்.

உங்கள் மகளுக்குக் குதிரைச் சீரத்தையே போட்டேன். ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் மருந்தைக் கையருகே வைத்துக்கொண்டு, மெல்லிய ஊசியால், கன்னத்துக் காயத்தின் ஓரங்களைச் சுற்றியும் அதன் அடி ஆழத்திலும் பெரும்பகுதியைச் செலுத்தினேன். காதுக்குப் பின்னால் இருந்த புள்ளியைச் சுற்றி அரை மில்லி. விரல்தான் கடினமான இடம். அங்கே தோலுக்கு அடியில் தளர்வு இல்லை, அதிகம் செலுத்தினால் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம். ஆகவே விரல் நுனியின் நிறத்தைப் பார்த்தபடி மெதுவாகச் செலுத்தி, நுனி வெளிறத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். விரல் ஏற்றது ஏறத்தாழ கால் மில்லிதான், அதற்கு மேல் திணிப்பது மருத்துவம் அல்ல. குழந்தை அழுதது, நீங்களும் கண் கலங்கினீர்கள். ஆனால் ஊசி போன இடங்கள் சற்று உப்பிப் பொம்மென்று ஆனதைப் பார்த்தீர்களே, சீரம் போக வேண்டிய இடத்துக்குப் போனதற்கு அதுவே அடையாளம்.

சில இடங்களில் காயத்தில் குத்தினால் குழந்தை தாங்காது என்று இரக்கப்பட்டு, முழுச் சீரத்தையும் தொடையிலோ பிட்டத்திலோ போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சீட்டில் சீரம் போட்டதாகவே பதிவாகும், பெற்றோரும் நிம்மதியாகப் போவார்கள். ஆனால் தொடையில் போட்ட சீரம் உடல் முழுதும் பரவி நீர்த்துப்போய், கன்னத்துக் காயத்துக்கு மிகச் சிறிதே வந்து சேரும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் காயத்துக்குள் செலுத்துவதையே வலியுறுத்தியிருக்கிறது. பெற்றோராக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சீரம் காயத்திலேயே போகிறதா? மாறாகக் காயங்கள் அதிகமாக இருந்து சீரம் போதாவிட்டால், அளவைக் கூட்டக் கூடாது. கிருமி நீக்கிய உப்புநீரைச் சேர்த்து நீர்க்கச் செய்து, எல்லாக் காயங்களுக்கும் பகிர்ந்து போட வேண்டும். கணக்குக்கு மேல் சீரம் போட்டால் அது தடுப்பூசி உருவாக்கும் எதிர்ப்பைக் குறைத்துவிடும். அதே காரணத்தால்தான் சீரமும் தடுப்பூசியும் ஒரே சிரிஞ்சில் கலக்கப்படுவதில்லை, ஒரே இடத்திலும் போடப்படுவதில்லை.

கன்னத்துக் காயத்தைத் தைத்தால் வடு குறையுமே என்று அங்கே கேட்டீர்கள். நாய்க்கடியை உடனே தைத்தால் தையல் ஊசியே கிருமியை ஆழத்துக்குக் கொண்டுபோகும். தைத்தே ஆக வேண்டிய பெரிய கிழிசல் என்றால், முதலில் சீரத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்துத் தளர்வாக ஓரிரு தையல் போடலாம். உங்கள் மகளின் காயத்துக்கு அது தேவைப்படவில்லை. வடு பற்றிக் காயம் முழுதும் ஆறிய பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

தடுப்பூசிக் கணக்குக்கு வருகிறேன். இதில் இரு முறைகள் நடைமுறையில் உள்ளன. தசையில் போடுவது என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசி. தோலுக்குள்ளேயே போடுவது என்றால் ஒரு தோளுக்கு 0.1 மில்லி வீதம் இரு தோள்களிலும், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், அதாவது நான்கு முறை. இந்த இரண்டாம் முறையில் பதினான்காம் நாள் ஊசி கிடையாது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இதுவே இலவசமாகப் போடப்படுகிறது. 0.1 மில்லி என்பதைப் பார்த்து, இவ்வளவு குறைவாகவா என்று சந்தேகப்பட வேண்டாம். தோலில் எதிர்ப்பைத் தூண்டும் உயிரணுக்கள் நிறைந்திருப்பதால் குறைந்த மருந்தே போதுமானது, ஆனால் அது சரியாகத் தோலுக்குள் போயிருக்க வேண்டும். சரியாகப் போனால் அந்த இடத்தில் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிக்குழியான சிறு மேடு உடனே எழும்பும். மேடு எழும்பாவிட்டால் மருந்து அடியில் இறங்கிவிட்டது என்று பொருள், அருகில் மீண்டும் ஒருமுறை போட வேண்டும். எந்த முறையானாலும் தோளில்தான், மிகச் சிறு குழந்தைக்குத் தொடையின் முன்பக்கத்தில். பிட்டத்தில் போட்டால் அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கிவிடும், அந்த ஊசி கணக்கில் சேராது. உங்கள் மகளுக்குக் கிளினிக்கில் தோளில் போட்டிருந்ததைச் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

முதல் ஊசி தசையில் போடப்பட்டதால் கடைசி வரை அதே முறையில் தொடர்வதே என் முதல் விருப்பம். ஆனால் மீதி நான்கு குப்பிகளின் செலவு உங்களுக்குக் கடினம் என்றீர்கள். முறையை மாற்ற நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, போட்டது வீணாவதும் இல்லை. மாறிய முறையின் மீதி நாட்களைத் தொடர்ந்தால் போதும். அதன்படி வியாழனன்று அவளுக்கு மூன்றாம் நாள் ஊசி இரு தோள்களிலும் தோலுக்குள் போடப்பட்டது. அடுத்தது வரும் திங்கள், பிறகு முதல் ஊசியிலிருந்து இருபத்தெட்டாம் நாளான திங்கள். மகனின் கணக்கு வேறு. அவனுக்கு 0 நாள் வியாழன் என்பதால், அடுத்த ஊசி ஞாயிற்றுக்கிழமை, பிறகு அடுத்த வியாழன், கடைசியாக இருபத்தெட்டாம் நாளான வியாழன். இருவரையும் ஒரே நாளில் கூட்டிப்போனால் சுலபம் என்று அவனுடையதைத் திங்களுக்குத் தள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளர் பிரிவு பூட்டியிருந்தாலும் அவசரப் பிரிவில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது காரணத்தால் ஒரு நாள் தவறிவிட்டால் பதறி முதலிலிருந்து தொடங்காமல், மறுநாளே போய் விட்ட ஊசியைப் போட்டு அங்கிருந்து தொடருங்கள்.

நாயைக் காணவில்லை என்பதும் என் முடிவில் சேர்ந்தது. கடித்த நாயோ பூனையோ கண்ணில் படும் தூரத்தில் இருந்து, 10 நாட்கள் நலமாக உலவினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நோய் வந்த நாயின் எச்சிலில், அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே கிருமி வரும், அதன் பிறகு அந்த நாய் நெடுநாள் பிழைக்காது என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. அப்படி நலமாக இருந்தால் மீதி ஊசிகளை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிக்கலாம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று எவரும் காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். உங்கள் மகளைக் கடித்த நாய் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை என்பதால், அதற்கு நோய் இருந்தது என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முழுமையாக முடிக்கிறோம்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர் இளமையில் கண்டது உண்மையே. அன்று ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசியை வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. வலியும் அதிகம், நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் பக்கவிளைவுகளும் அதற்கு உண்டு. அதன் உற்பத்தியை இந்தியா 2004 இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்றைய தடுப்பூசி உயிரணு வளர்ப்பில் தயாராவது, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் போடலாம். அவர் சொன்ன பத்தியமும் தேவையில்லை. முட்டை, மீன், கத்தரிக்காய் எதையும் குழந்தைக்கு நிறுத்த வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குதிரைச் சீரம் போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிந்த நிலையில் சிலருக்குக் காய்ச்சல், மூட்டு வலி, உடலில் தடிப்பு ஆகியவை வரலாம். அது ரேபிஸ் அல்ல, சீரத்துக்கான எதிர்வினை, மருந்தால் அடங்கிவிடும். என்னிடம் அழைத்து வாருங்கள், அதற்காகக் கடைசித் திங்கட்கிழமை ஊசியை நிறுத்திவிடாதீர்கள். வேறு எதற்காவது வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், நாய்க்கடி ஊசி நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் தடுப்பூசியின் பலனைக் குறைக்கக்கூடியவை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூரின் சிறு கிளினிக்குகளில் தடுப்பூசி இருக்கும், சீரம் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாதது குற்றம் அல்ல, இல்லாத இடத்திலிருந்து இருக்கும் இடத்துக்கு அனுப்பாமல் ஊசியே போதும் என்று சொல்வதுதான் தவறு. ரத்தம் வந்த கடி என்றால், ஆட்டோ பிடிப்பதற்கு முன்பே பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, 'சீரம் இதியா?' என்று கன்னடத்தில் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியால் இரண்டு மருத்துவமனை அலைச்சல் மிச்சமாகும்.

உங்கள் மகளின் சீட்டில் அவள் எடை, எந்தச் சீரம், எத்தனை யூனிட், குப்பியின் தொகுதி எண், எந்தெந்தக் காயத்தில் போடப்பட்டது, ஒவ்வொரு ஊசியின் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிந்ததும் அதைத் தூக்கிப் போடாமல் பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள். பின்னாளில் அவளை மீண்டும் நாய் கடித்தால், இந்தச் சீட்டைக் காட்டினால் காயத்தைக் கழுவிவிட்டு 0, 3 ஆகிய இரு நாட்களில் மட்டும் தடுப்பூசி போட்டால் போதும், சீரம் தேவைப்படாது. சீட்டு இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.